பரிசளிப்பு விழாவில் ஒரு 12 நிமிடப் படம்: எங்கள் அதிபருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு,

வணக்கம் சேர். ஜூலை 24 பரிசளிப்பு விழாவை "வீடியோ பண்ணித் தர ஏலுமா" என்று கேட்டிருந்தீர்கள். ஏலும். ஆனால் என்ன படம், எவ்வளவு நீளம், யார் எதைத் தருவது, எந்தத் திகதிக்குள் தருவது என்பது எழுத்தில் இருந்தால்தான் இந்த வேலை உருப்படும். உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. படத்துக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பெற்றோரின் போன்களிலும், ரீச்சர்மாரின் போன்களிலும், கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பழைய மாணவர் வீட்டு அல்பங்களிலும் அது கிடக்கிறது. அவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். "விழா வீடியோ" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு வேலைகள். ஒன்று, விழாவைப் பதிவு செய்வது. மற்றது, விழா மேடையில் போட்டுக் காட்டுவதற்காக அதற்கு முன்பே எடுத்து முடிக்கும் படம். முதலாவது அன்றைக்கு ஒரு நாள் வேலை. ஒரு கமரா மண்டபத்தின் பின்னால் முக்காலியில் நின்றபடி மேடை முழுவதையும் எடுக்கும், இன்னொன்று பக்கத்தில் நின்று முகங்களை எடுக்கும், ஒலி நேரே ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து தனிப் பதிவுக் கருவிக்கு வரும். நான்கு மணி நேர விழாவுக்கு இரண்டு கமராவிலும் சேர்த்து ஏறத்தாழ 180 ஜிபி வரும். சில கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தாமாகவே நின்றுவிடும் குணமுள்ளவை. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்குவோம். இல்லாவிட்டால் பரிசு வாங்கும் பிள்ளைகளில் யாராவது நான்கு பேர் படத்தில் இல்லாமல் போவார்கள், அந்த நான்கு வீட்டாருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இந்த வேலையைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

இந்த மடல் இரண்டாவது வேலையைப் பற்றியது.

என் முன்மொழிவு இது: அதிபர் அறிக்கையை முழுதாக அச்சடித்துக் கையில் கொடுப்போம். மேடையில் அதை வாசிப்பதற்குப் பதிலாக, அதன் சாரத்தை உங்கள் குரலோடு 12 நிமிடப் படமாகக் காட்டுவோம். கோபிக்க வேண்டாம் சேர். எந்தப் பாடசாலையானாலும் அதிபர் அறிக்கை நேரத்தில்தான் தகப்பன்மார் எழும்பி மதிலோரம் போகிறார்கள். அறிக்கையில் உள்ள விசயம் நல்லதுதான். "இவ்வாண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டி சிறப்பாக நடைபெற்றது" என்ற வசனம்தான் ஒருவர் மனதிலும் நிற்பதில்லை. அதே போட்டியின் அஞ்சலோட்டத்தைப் பத்துச் செக்கன் காட்டினால் அந்த வசனம் தேவையில்லை. பெறுபேறுகள், கட்டட வேலை, நன்கொடை விபரம், ஆளணி எல்லாம் அச்சில் இருக்கட்டும். அவை படத்துக்கு ஆகாதவை. வலயத்திலிருந்து வருபவர்கள் அறிக்கையை மேடையில் எதிர்பார்ப்பார்கள் என்றால், நீங்கள் மூன்று நிமிடம் பேசி முடித்துப் படத்துக்குக் கைகாட்டலாம்.

12 நிமிடம் என்பதை நான் கூட்டிக்கொடுக்க மாட்டேன். 12 நிமிடம் என்றால் 720 செக்கன். இதில் மூன்றரை நிமிடம் ஆட்கள் பேசுவது. மிச்சம் எட்டரை நிமிடத்தை ஒரு காட்சிக்கு நான்கைந்து செக்கன் வீதம் நிரப்ப நூறுக்கு மேற்பட்ட தனித்தனிக் காட்சிகள் வேண்டும். நல்லதாக நூறு காட்சி கிடைக்க நானூறு எடுக்க வேண்டும். நீளத்தை 20 நிமிடமாக்கினால் இந்தக் கணக்கு அப்படியே பெருகும், நாட்கள் பெருகாது. அப்போதுதான் ஒரே மாமரத்தை நான்கு தடவை காட்டும் படங்கள் உருவாகின்றன.

படத்தின் பகுதிகள் ஐந்து. காலை மணியும் பிள்ளைகள் வரும் வழியும் முதலில். அடுத்து வகுப்பறை, ஆய்வுகூடம், நூலகம், தோட்டம் என்று சாதாரண ஒரு நாள். மூன்றாவது கடந்த ஒரு வருடத்துக்குள் நடந்த விழாக்கள்: போட்டி, பொங்கல், வாணி விழா, ஒளிவிழா. நான்காவது பாடசாலையின் பழைய நாள். கடைசியில் ஓய்வுபெறும் இரண்டு ஆசிரியர்கள். இவற்றில் முதலாவதும் இரண்டாவதும் கடைசியும் நான் வந்து எடுக்கக்கூடியவை. மூன்றாவதும் நான்காவதும் ஏற்கனவே நடந்து முடிந்தவை, அவற்றுக்குத்தான் மற்றவர்களிடம் போக வேண்டும்.

விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். முதலாம் தவணையில் நடந்தது. கமராக்காரர் யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் கயிற்றுக்கு இப்பால் நின்ற ஒவ்வொரு தாயின் கையிலும் போன் இருந்தது. எனக்கு வேண்டியது வென்ற பிள்ளை நாடாவை உடைக்கும் காட்சி மட்டுமல்ல, அது எல்லாரிடமும் இருக்கும். அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறும் இடம், கோல் தவறி விழுந்திருந்தால் அதுவும், இல்ல அலங்காரத்துக்கு விடியமுன் கமுகம் மரம் நட்டு ஓலை பின்னிய பிள்ளைகள், அணிநடைக்கு முன் வரிசையில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டுபவர், கயிறிழுத்தலில் விழுந்த ஆசிரியர், கூடாரத்துக்குள் கத்திக் குரல் போனவர்கள். இப்படியான துண்டுகளை "சும்மா எடுத்தது, நல்லாயில்லை" என்று யாரும் அனுப்ப மாட்டார்கள். அவைதான் வேண்டும். அழிக்காமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தாருங்கள். போன் நிமிர்த்திப் பிடித்து எடுத்தது என்றாலும் பரவாயில்லை, மூன்று நிமிர்ந்த துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு அகலத் திரையை நிரப்பலாம்.

தரும் விதத்தில்தான் சிக்கல். வட்ஸ்அப் குழுவில் போட்டால் படம் சுருங்கிவிடும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. மேடைத் திரையில் முகங்கள் கட்டம் கட்டமாகக் கரையும். கண்டுபிடிக்க இலகுவான வழி கோப்பின் எடையைப் பார்ப்பது: இப்போதைய போன்களில் சாதாரண அமைப்பில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்பி வரை இருக்கும். அதே ஒரு நிமிடம் பத்துப் பதினைந்து எம்பி என்றால் அது வட்ஸ்அப் வழியாக ஒருமுறை போய்வந்த பிரதி, எடுத்தவரைத் தேட வேண்டும். வெளியூரிலிருந்து அனுப்புபவர்கள் கலரியிலிருந்து அல்லாமல் `Document` என்ற வழியில் இணைத்தால் மூலம் அப்படியே வரும். ஊரில் இருப்பவர்களுக்கு அதற்கு டேட்டா செலவழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே கணினி அறையில் இரண்டு காலை ஒரு மேசை போடுவோம். பெற்றோர் பிள்ளையை விட வரும்போது போனைக் கொண்டுவரட்டும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பிள்ளைகள் இருவர் கேபிள் போட்டு, உரியவர் காட்டும் வீடியோக்களை மட்டும், அவர் பக்கத்தில் நிற்கும்போதே, பிரதி எடுக்கட்டும். போனை வாங்கி வைத்துவிட்டு "பின்னேரம் வாங்கோ" என்று சொல்லக் கூடாது. போனில் மற்ற எல்லாமும் இருக்கும்.

நான் வந்து எடுக்கும் பகுதிக்கு நான்கு காலை போதும். காலை என்று சொல்வது வீம்புக்கு அல்ல. நம் பிள்ளைகளின் சீருடை வெள்ளை, முகங்கள் கறுப்பும் மாநிறமும். பத்து மணி வெயிலில் இரண்டையும் ஒரு கமராவால் ஒன்றாகக் காட்ட முடியாது. முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் சட்டை எரிந்து வெறும் வெள்ளைப் பட்டையாகும், சட்டைக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். ஏழரைக் காலைக் கூட்டத்துக்கு வெயில் சரிவாக வரும், இரண்டும் தெரியும். ஒன்பதுக்குப் பிறகு வெளியில் எடுப்பதில்லை, வகுப்பறைக்குள் போய்விடுவேன். அங்கேயும் ஒரு விசயம். நம் வகுப்பறைகள் அரைச்சுவர். சுவரை முதுகில் வைத்துப் பிள்ளையை நிறுத்தினால் பின்னால் உள்ள வெளி வெளிச்சத்தில் முகம் நிழலுருவாகிவிடும். பிள்ளை வெளியைப் பார்த்து இருக்க, நான் அரைச்சுவரோரம் நிற்க வேண்டும். அதற்காக ஒரு வகுப்பில் நான்கு வாங்குகளைத் திருப்பிப் போடுவோம். ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்களே போனில் எடுத்துத் தர விரும்பும் ரீச்சர்மாருக்கும் இதே சொல்: வெளிச்சம் உங்கள் முதுகில் இருக்கட்டும், போனைப் படுக்கையாகப் பிடியுங்கள், பத்துச் செக்கன் அசையாமல் நில்லுங்கள், சூம் பண்ண வேண்டாம், கிட்டப் போங்கள்.

ஒலிதான் ஜூலையில் பெரிய தலையிடி. சோளகம் வீசும் காலம் இது. மைதானத்தில், வேப்பமரத்தடியில் வைத்துப் பேட்டி எடுத்தால் பார்க்க அழகாயிருக்கும், கேட்கும்போது மைக்கில் காற்று இடிக்கும் சத்தம்தான் இருக்கும். மைக்குக்குப் போடும் பஞ்சு உறை சோளகத்துக்குக் காணாது, மயிர் உறை ஓரளவு தாங்கும். இடித்துப்போன குரலை எடிட்டிங்கில் மீட்க முடியாது என்பதால் எடுத்த கையோடு ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவேன். பேச்செல்லாம் நூலகத்துக்குள் வைப்போம். அது மூன்று பக்கம் முழுச்சுவர் உள்ள அறை, புத்தகங்கள் எதிரொலியைக் குடித்துவிடும். பக்கத்து வகுப்பு சத்தமாகப் பாடம் சொல்லும் நேரத்தைத் தவிர்க்க நேரசூசி ஒன்று தாருங்கள்.

பேசப்போகும் பிள்ளைகளுக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பது என் மன்றாட்டம். எழுதிக் கொடுத்தால் பேச்சுப் போட்டி ராகம் வந்துவிடும், கையும் தானாக உயரும். "எதிர்காலத்தில் என்னவாக வருவாய்" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் டொக்டர். நான் கேட்கப்போவது "நீ எந்த வழியால வாறனி, வழியில என்ன இருக்கு" என்பது மட்டுமே. குளக்கட்டால் சைக்கிளில் வருபவர், காட்டுக்கரையால் வருபவர், இராத்திரி யானை வந்து வாழையை முறித்ததைப் பார்த்துக்கொண்டு வருபவர், ஏ9 இல் பஸ்ஸுக்கு நின்று வருபவர் என்று ஆளுக்கொரு கதை அதில் இருக்கும். முதல் பகுதிக்கு இப்படி மூன்று பிள்ளைகள் போதும். தரம் 4 இல் ஒருவர், தரம் 8 இல் ஒருவர், உயர்தரத்தில் ஒருவர். பேச்சுப் போட்டியில் முதலிடம் வந்தவர்களாக இருக்கத் தேவையில்லை.

இனி நான்காவது பகுதி, பாடசாலையின் பழைய நாள். இதுதான் கடினமானது, எனக்கு மிக வேண்டியதும் இதுதான். 2008, 2009 இடப்பெயர்வில் பாடசாலையின் இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் சுவரில் மாட்டியிருந்த படங்களும் போய்விட்டன. அலுவலகத்தில் இப்போது இருப்பவை மீளக்குடியேறிய பிறகு எடுத்தவை. அதற்கு முந்திய பாடசாலை எங்கே இருக்கிறது என்றால், இடம்பெயரும்போது காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போன சில வீட்டுப் படங்களில், அல்லது அதற்கு முன்பே வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட படங்களில். யாரோ ஒருவரின் பிறந்தநாள் படத்தில் பின்னால் பழைய மண்டபத்தின் கூரை தெரியும். அதுவும் எங்களுக்குப் படம்தான். பாடசாலையைப் பிரதானமாக எடுத்த படத்தை மட்டும் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். பழைய ஒட்டும் தாள் அல்பங்களில் பசை இறுகியிருக்கும், இழுத்தால் படத்தின் மேற்பூச்சு கழன்றுவிடும். அல்பத்தோடு சேர்த்தே, மேலிருக்கும் பிளாஸ்ரிக் தாளை முடிந்தால் மட்டும் மெல்லத் தூக்கிவிட்டுப் படமெடுக்கலாம். ஜன்னலோரம், நேரடி வெயில் படாத இடத்தில், மேசையில் வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். போனின் நிழல் படத்தில் விழாதபடி பாருங்கள். ஸ்கானர் உள்ளவர்கள் 600 டிபிஐ இல் எடுத்தால் மிக நல்லது. பிறகு படத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். திகதி, ஸ்ரூடியோ முத்திரை, அம்மா பென்சிலால் எழுதிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். மூலப் படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நானும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

வருகிற படங்கள் எல்லாம் மேடைக்குப் போகாது. ஒரு வகுப்புப் படத்தில் நிற்பவர்களில் சிலர் இன்று இல்லை. சிலரைப் பற்றி வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாய் சபையில் இருக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் பதினைந்து அடித் திரையில் அந்த முகம் வருவது சரியில்லை. ஒவ்வொரு குழுப்படத்துக்கும் அந்த வயதுப் பழைய மாணவர் ஒருவரை இருத்திப் பெயர்களை எழுதிக்கொண்டு, வீடுகளுக்குப் போய்க் கேட்போம். "போடுங்கோ, எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்பவர்களும் இருப்பார்கள், "வேண்டாம் தம்பி" என்பவர்களும் இருப்பார்கள். இரண்டையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதிக்கு ஒதுக்கியது இரண்டு நிமிடம், அதாவது முப்பது படங்கள். பத்துத்தான் கிடைத்தால் நாற்பது செக்கனில் முடிப்போம். எங்கோ இருக்கும் ஒரு பழைய பாடசாலையின் படத்தைப் போட்டு நிரப்பச் சொல்லி யாராவது யோசனை தந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு ஒரு பக்க அனுமதிக் கடிதம் போக வேண்டும். அதில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: மேடையில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா. ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதுக்கும் சம்மதித்தார் என்று ஆகாது. சிறுவர் இல்லங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இல்லத்தின் பொறுப்பாளர் கையொப்பம் வேண்டும். பிள்ளையின் பெயரும் ஊரும் முகமும் ஒன்றாக ஒரே காட்சியில் வராது.

அப்புறம், இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கட்டடத்துக்குக் காசு கேட்கும் எண்ணம் உங்களுக்கு உண்டு என்பது தெரியும், அதில் பிழையில்லை. ஆனால் அதற்காகச் செருப்பில்லாத காலை, கிழிந்த பையை, தகப்பன் இல்லாத பிள்ளையின் கண்ணீரை நான் எடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளையும் அன்று சபையில் தன் வகுப்போடு இருந்து படத்தைப் பார்க்கும். கூரை ஒழுகுகிறது என்று காட்ட வேண்டுமானால் கூரையைக் காட்டுவேன், கீழே வைத்திருக்கும் வாளியையும் காட்டுவேன்.

பாட்டு விசயத்தில் சுருக்கமாக: சினிமாப் பாட்டு வேண்டாம். மண்டபத்தில் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்றாலும், பிறகு யூடியூபில் ஏற்றியதும் தானாகவே உரிமைக் கோரல் வந்து ஒலியை முடக்கலாம். அதைவிட நம்மிடமே பாண்ட் வாத்தியக் குழு இருக்கிறது, மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடசாலைக் கீதம் இருக்கிறது. ஒரு காலை சங்கீத ரீச்சரோடு இருந்து பத்து நிமிடம் பதிவு செய்தால் படம் முழுவதற்கும் போதும்.

இப்போது நாட்கணக்கு. பின்னாலிருந்து சொன்னால்தான் ஏன் இப்போதே அவசரப்படுகிறேன் என்பது விளங்கும். ஜூலை 24 விழா. ஜூலை 22 பின்னேரம், அதே மண்டபத்தில், அதே திரையிலும் ஒலிபெருக்கியிலும் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஜூலை 19 இல் படம் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் பிறகு ஒரு எழுத்தும் மாறாது. ஜூலை 13 இல் முதல் வடிவத்தைக் காட்டுவேன். திருத்தங்கள் 16 க்குள், ஒரே கடதாசியில், நீங்கள் நியமிக்கும் ஒரே ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். ஆறு பேர் ஆறு குரல் செய்தி அனுப்பினால் ஒருவர் சேர்க்கச் சொன்னதை இன்னொருவர் வெட்டச் சொல்வார். பெயர்களின் எழுத்து, பதவி, வரிசை ஆகியவற்றை அந்த ஆசிரியர் ஒருமுறை விரலை வைத்து வாசிக்க வேண்டும். மேடையில் மிகப் பெரிய சங்கடம் எப்போதும் பெயர்ப் பிழையால்தான் வருகிறது. எடிட்டிங்குக்கு ஜூலை 4 முதல் 12 வரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஆள் ஒரு நாள் இருந்து இரண்டு நிமிடம் முடித்தால் அது நல்ல நாள்.

ஆகவே ஜூலை 3 உடன் எல்லாம் கையில் இருக்க வேண்டும். படப்பிடிப்பு ஜூன் 22 தொடங்கும் வாரத்தில் இரண்டு காலை, அடுத்த வாரத்தில் இரண்டு காலை. ஜூலை 2 வேண்டாம், மடு மாதா ஆடித் திருவிழா. அந்த நாட்களில் நம் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர் மடுவில் நிற்பார்கள், அவர்கள் இல்லாத காலைக் கூட்டம் நம் பாடசாலைக் கூட்டமல்ல. இரண்டாம் தவணைப் பரீட்சை தொடங்கிவிட்டால் வகுப்புகளுக்குள் கமராவோடு போக மாட்டேன். நேரசூசி முன்னுக்கு வந்தால் படப்பிடிப்பையும் முன்னுக்குத் தள்ளுவோம். போன் வீடியோக்களுக்கும் பழைய படங்களுக்கும் ஜூன் 15 முதல் 26 வரை. அனுமதிக் கடிதம் ஜூன் 10 இல் பிள்ளைகளின் கையில் போக வேண்டும், ஏனென்றால் முதல் தரம் கொடுத்ததில் பாதி பைக்குள்ளேயே கிடக்கும், இரண்டாம் தரம் கொடுக்க நாள் வேண்டும்.

கடைசியாகத் திரை. இதைச் சரிசெய்யாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண். நம் விழா ஒன்றரைக்குத் தொடங்குகிறது, மண்டபத்தின் இரண்டு பக்கமும் திறந்தது. அந்த வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் தெரியாது. வேறொரு பாடசாலையில் பின்னேரம் மூன்று மணிக்கு இப்படி ஓட்டினார்கள், சபை முழுவதும் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பொழுது படும்வரை பொறுப்போம் என்றால் ஜூலையில் ஆறரை ஆகும், தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் போய்விடும். எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. எல்.ஈ.டி. திரை வாடகைக்கு எடுப்பது, அது பகலிலும் தெரியும், செலவு கூட. அல்லது படத்தை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைத்து, திரைக்குப் பின்புறமும் முன்வரிசைகளின் இரு பக்கமும் கறுப்புத் துணி கட்டுவது. அது அரைகுறைதான், பின்வரிசைக்குத் தெளிவாயிராது. என் விருப்பம் எல்.ஈ.டி. திரை. பழைய மாணவர் சங்கம் அந்த ஒரு வாடகையை ஏற்றால் போதும்.

ஒலிபெருக்கிக்காரரோடு நானே பேசிக்கொள்வேன். அவருடைய பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் ஓடும். படத்தில் குரலை ஒரு பக்கத் தடத்தில் மட்டும் வைத்தால் அது மண்டபத்தில் கேட்காமலே போகலாம், ஆகவே இரண்டிலும் சமமாக வைத்துத் தருகிறேன். லாப்டொப் சார்ஜர் செருகியிருந்தால் ஒலிபெருக்கியில் ஒரு இரைச்சல் கேட்கும், கழற்றியதும் நின்றுவிடும். அதனால் பற்றரியில் ஓட்டுவோம், அதே காரணத்தால் மின்சாரம் நின்றாலும் ஜெனரேற்றர் எடுக்கும்வரை லாப்டொப் நிற்காது. 22 ஆம் திகதி ஒத்திகையில் இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம். படத்தின் பிரதி ஒன்று என்னிடம், ஒன்று ஒரு பென்ட்ரைவில் உங்கள் சட்டைப் பையில்.

நான் செய்ய மாட்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ட்ரோன் இல்லை. அதற்கு விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நாளும் இல்லை, மேலிருந்து பார்த்தால் நம் பாடசாலை தகரக் கூரைகளாகத்தான் தெரியும். நேரலை இல்லை. பிரதம விருந்தினர் வரும் கார்க் கதவு திறக்கும் காட்சியை மெதுவாக ஓடவிடுவதும் இல்லை.

என் கூலி வேண்டாம் சேர், நான் இங்கே படித்தவன். ஒரு டெராபைட் ஹாட் டிஸ்க் இரண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வாங்கித் தந்தால், எடுத்த எல்லாவற்றையும், படத்தில் வராததையும் சேர்த்து, திகதியும் நிகழ்வும் எழுதிய கோப்புறைகளில் போட்டு ஒன்றை அலுவலக அலுமாரியிலும் மற்றதை வேறொரு வீட்டிலும் வைப்போம். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்க வேண்டாம்.

உங்களிடமிருந்து ஜூன் 8 க்குள் எனக்கு வேண்டிய பதில்கள் மூன்று. அறிக்கையை அச்சில் கொடுத்துப் படத்தை மேடையில் காட்டச் சம்மதமா. எனக்குப் பொறுப்பாக வரும் அந்த ஒரு ஆசிரியர் யார். திரை எது. மூன்றாவதுக்குச் சங்கக் கூட்டம் கூட்ட வேண்டுமென்றால் முதல் இரண்டையும் முன்பே சொல்லிவிடுங்கள், அனுமதிக் கடிதத்தை நான் எழுதி அனுப்புகிறேன். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, இன்றைக்கே அல்பத்தை எடுத்து மேசையில் வைக்கலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பழைய மாணவன் ஒருவன்